தட்டச்சு வகுப்பில் புதிய மாலை பேட்ச்: பெற்றோருக்குக் கடிதம் எழுதும் முழு வழிகாட்டி

இன்ஸ்டிடியூட் நடத்துபவர்கள் புதிய பேட்ச் தொடங்கும்போது பெற்றோருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் இரண்டு விதமாகத் தவறிப்போகிறது. விவரம் குறைவாக எழுதினால், ஒரே கேள்வியை ஐம்பது பேர் போனில் கேட்பார்கள். கவர்ச்சிக்காக அதிகம் எழுதினால், மூன்றாம் மாதத்தில் "அப்போது அப்படிச் சொன்னீர்களே" என்று வந்து நிற்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். முடிவு செய்ய வேண்டியவற்றை முடிவு செய்யாமலே எழுத உட்கார்ந்துவிடுகிறோம்.

ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் பாதி, கடிதத்துக்கு முன் செய்ய வேண்டிய கணக்கு. தமிழ்நாட்டில் டைப்ரைட்டர் மெஷினில் அரசுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சிறிய இன்ஸ்டிடியூட்டை எடுத்துக்கொண்டு, அதன் கடிதத்தைக் கடைசி வரி வரை எழுதிப் பார்ப்போம்.

## 1. முதலில் மெஷின்களை எண்ணுங்கள்

டியூஷன் என்றால் இன்னும் இரண்டு பேரை நெருக்கி உட்கார வைக்கலாம். தட்டச்சில் அது நடக்காது. ஒரு மெஷின், ஒரு மணி நேரம், ஒரு மாணவர். தமிழ் மெஷினில் ஆங்கிலம் அடிக்க முடியாது என்பதால் இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

நம் எடுத்துக்காட்டு இன்ஸ்டிடியூட்டில் 12 ஆங்கில மெஷின், 6 தமிழ் மெஷின் இருக்கின்றன. மாலை 5.30 முதல் 7.30 வரை இரண்டு மணி நேரம் புதிய பேட்சுக்கு. 18 மெஷின், இரண்டு மணி நேரம், ஆகவே 36 இடம் என்று எழுதத் தோன்றும். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

முதலில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மெஷினை ஒதுக்கி வையுங்கள். கேரேஜை இழுக்கும் நாடா அறுவதும், எழுத்துக்கம்பி ஒட்டிக்கொள்வதும், ரிப்பன் சுற்றாமல் நிற்பதும் வகுப்பு நேரத்தில்தான் நடக்கும். ஒதுக்கிய மெஷின் இல்லையென்றால் அன்று ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும், அது வீட்டில் போய் அதைத்தான் சொல்லும்.

அடுத்து, அதே நேரத்தில் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்களைக் கழியுங்கள். 5.30 மணிக்கு ஆங்கிலத்தில் 4 பேர், தமிழில் ஒருவர். 6.30 மணிக்கு ஆங்கிலத்தில் 3 பேர், தமிழில் 2 பேர் என்று வைத்துக்கொள்வோம். மீதி இடம் இது:

- 5.30 மணிக்கு: ஆங்கிலம் 7, தமிழ் 4
- 6.30 மணிக்கு: ஆங்கிலம் 8, தமிழ் 3

இரண்டு மொழியும் படிப்பவர் ஒரு மணி நேரம் ஒன்றில், அடுத்த மணி நேரம் மற்றதில் உட்கார வேண்டும். முதல் மணியில் தமிழில் இருக்கும் 4 பேர் இரண்டாம் மணியில் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். முதல் மணியில் ஆங்கிலத்தில் இருக்கும் 3 பேர் இரண்டாம் மணியில் தமிழுக்கு மாறுவார்கள். ஆக, இரண்டு மொழிக்கும் 7 இடம். அவர்கள் போக ஆங்கிலத்தில் முதல் மணியில் 4 இடமும் இரண்டாம் மணியில் 4 இடமும் மிஞ்சும். ஆங்கிலம் மட்டும் படிக்க 8 பேரைச் சேர்க்கலாம்.

36 என்று தோன்றிய இடம் உண்மையில் 15 மாணவர்கள். இந்த எண்ணைக் கடிதத்தில் அச்சிட வேண்டும். இடம் எத்தனை என்று எழுதாமல் "குறைந்த இடங்களே உள்ளன" என்றால், அது விளம்பரத் தட்டியில் எல்லோரும் எழுதும் வரி என்று பெற்றோர் கடந்துபோவார்கள்.

## 2. நேரத்தைப் பள்ளி விடும் மணியிலிருந்து பாருங்கள்

மாலை பேட்ச் என்றால் வரப்போவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். நாலேகாலுக்கோ நாலரைக்கோ பள்ளி விடும், பேருந்து பிடித்து வீடு வந்து ஏதாவது சாப்பிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். 5 மணிக்கு வகுப்பு என்று போட்டால் தினமும் பத்து, பதினைந்து நிமிடம் தாமதமாக வருவார்கள். ஒரு மணி நேர வகுப்பில் அது கால் பங்கு. 5.30 என்று வைப்பதே நல்லது.

முடியும் நேரத்தைத் தொடங்கும் நேரத்தை விடத் தெளிவாக எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். பெண் பிள்ளையை அனுப்பும் வீட்டில் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு விடுவீர்கள்" என்பதைத்தான். 7.30 என்றால் 7.30க்கு அனுப்பிவிட வேண்டும், யாராவது அழைத்துப்போக வரும்வரை உள்ளேயே உட்காரலாம் என்பதையும் எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காகவே சேர்க்கும் பெற்றோர் உண்டு.

## 3. தேர்விலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடக்க நாளை வையுங்கள்

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். தொடக்க நாளை இந்த இரண்டு மாதங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் நடுவில் பேட்ச் தொடங்கக் கூடாது. தேர்வுக்கு மெஷின்களை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். புதிதாக வந்த பிள்ளை நான்கு நாள் `asdfgf ;lkjhj` அடித்துவிட்டு, அடுத்த வாரம் மெஷின் இல்லாமல் வீட்டில் இருந்தால் விரல் பழக்கம் கலைந்துவிடும். தேர்வு முடிந்து மெஷின்கள் திரும்பி, துடைத்து எண்ணெய் விட்டுத் தயாரானபின், செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொடங்குவது சரியாக இருக்கும்.

இப்போது பயிற்சி மணிகளைக் கணக்கிடுங்கள். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி நடு வரை ஏறக்குறைய 24 வாரம். வாரம் 5 நாள் என்றால் 120 மணி நேரம். காலாண்டுத் தேர்வு, தீபாவளி, அரையாண்டுத் தேர்வு, பொங்கல், மழை விடுமுறை என்று 5 வாரம் போகும். கையில் மிஞ்சுவது சுமார் 95 மணி நேரம்.

ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேகம் வேண்டும். ஒரு சொல்லுக்கு 5 தட்டு என்று கணக்கிட்டால், 10 நிமிடத்தில் 1500 தட்டு. அதோடு இரண்டாம் தாளுக்குக் கடிதமும் ஸ்டேட்மென்டும் அமைக்கப் பழக வேண்டும். ஒழுங்காக வரும் பிள்ளைக்கு 95 மணி நேரம் போதும். வாரத்தில் இரண்டு நாள் மட்டம் போடும் பிள்ளைக்குப் போதாது. இதை அப்படியே கடிதத்தில் எழுதலாம். பின்னால் வரும் வருத்தங்களில் பாதியை இது இப்போதே தடுத்துவிடும்.

இரண்டு மொழி படிப்பவர்களுக்கு என் கருத்து: முதல் நாளே இரண்டையும் தொடங்க வேண்டாம். ஆங்கிலத்தில் ஐந்து, ஆறு வாரம் போய், விரல்கள் பார்க்காமலே தங்கள் இடத்துக்குத் திரும்பப் பழகியபின் தமிழைத் தொடங்கலாம். தமிழ் மெஷினில் அதே விரல்களுக்குக் கீழே ய, ள, ன, க இருக்கும். புள்ளி போன்ற சில விசைகளை அடித்தால் கேரேஜ் நகராது. ஆங்கிலம் விரலில் உறையும் முன் இது சேர்ந்தால் இரண்டிலும் தடுமாற்றம்தான். ஆகவே ஆங்கில இளநிலை பிப்ரவரியில், தமிழ் இளநிலை ஆகஸ்டில் என்று திட்டமிடுங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். பிப்ரவரித் தேர்வு அவர்களுடைய செய்முறைத் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் ஒட்டி வருகிறது. அவர்களுக்கு ஆகஸ்ட்தான் ஏற்றது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஜனவரியில் அவர்களே நின்றுவிடுவார்கள். மெஷினும் அதுவரை வேறொருவருக்குக் கிடைக்காமல் போயிருக்கும்.

## 4. எந்தத் தமிழ்த் தட்டச்சு என்று சொல்லுங்கள்

"தமிழ் டைப்பிங்" என்று மட்டும் எழுதினால் பெற்றோர் பலர் கம்ப்யூட்டரை நினைத்துக்கொள்வார்கள். வகுப்புக்கு வந்து டைப்ரைட்டரைப் பார்த்து "இதுதானா" என்று கேட்பார்கள். இதைக் கடிதத்திலேயே தீர்க்க வேண்டும்.

டைப்ரைட்டர் விசை அமைப்பு வேறு, கம்ப்யூட்டரில் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 வேறு. தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் இருக்கும், புள்ளியை எழுத்துக்குப் பின் அடிப்போம். டைப்ரைட்டரில் புள்ளியை முதலில் அடித்து, அதன் கீழே எழுத்தை அடிப்போம். ஒன்றைக் கற்றவருக்கு மற்றது தானாக வந்துவிடாது. கடிதத்தில் இந்த விளக்கம் முழுவதும் வேண்டாம். "டைப்ரைட்டர் மெஷினில், அரசுத் தேர்வுக்கான விசை அமைப்பில்" என்ற சொற்கள் போதும். தேர்வு எந்த இயந்திரத்தில் என்பதை ஒவ்வொரு முறையும் அப்போதைய அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொண்டு அந்த வரியை எழுதுங்கள், போன ஆண்டுக் கடிதத்திலிருந்து நகல் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் கேட்க மறப்பது: பிள்ளை தமிழைத் தடையில்லாமல் வாசிக்குமா? இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுக்காதவர்கள் எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். கண் தாளில் ஓடினால்தான் விரல் ஓடும். வாசிப்பு மெதுவாக இருக்கும் பிள்ளையின் வேகத்தை எவ்வளவு அடித்துப் பழகினாலும் கூட்ட முடியாது. இதைப் பதில் சீட்டில் ஒரு கேள்வியாக வையுங்கள்.

தேர்வு நிலைகளின் பெயரை எழுதும்போது இளநிலை, முதுநிலை என்பதோடு, மக்கள் சொல்லும் லோயர், ஹையர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சான்றிதழ் பெயர் தெரியாத பெற்றோருக்கும் லோயர், ஹையர் தெரியும்.

## 5. வேலை பற்றி எழுதினால் அளந்து எழுதுங்கள்

"அரசு வேலைக்கு உத்தரவாதம்" என்ற சொல் கடிதத்தில் வரவே கூடாது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பதவிக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வுத் தகுதி கேட்கிறார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் முதுநிலை பெற்றவருக்கு முன்னுரிமை உண்டு. ஒன்றில் முதுநிலை, மற்றதில் இளநிலை என்றாலும் தகுதி உண்டு. அதற்கு மேல் எழுத்துத் தேர்வு மதிப்பெண், தரவரிசை எல்லாம் இருக்கின்றன.

எனவே எழுத வேண்டியது இவ்வளவுதான்: இந்தப் பதவிக்கு இரு மொழித் தட்டச்சுத் தகுதி தேவை, எங்கள் வகுப்பில் முதல் படி இளநிலை. இளநிலை மட்டும் முடித்தால் போதும் என்ற எண்ணம் பெற்றோருக்கு வரக் கூடாது. இரண்டு மொழியிலும் இளநிலை மட்டும் வைத்திருந்தால் அந்தத் தகுதிக்குக் குறைவு.

## 6. கட்டணத்தைப் பிரித்து எழுதுங்கள்

மொத்தமாக ஒரு தொகையைப் போடாதீர்கள். சேர்க்கைக் கட்டணம், மாதக் கட்டணம், தேர்வுக் கட்டணம் ஆகிய மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். மாதக் கட்டணம் ஒரு மொழிக்கா, இரண்டுக்குமா என்பதுதான் அதிகம் குழப்பும் இடம். கீழே மாதிரிக் கடிதத்தில் உள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை, உங்கள் தொகையை நிரப்பிக்கொள்ளுங்கள்.

தேர்வுக் கட்டணத்துக்கு எண் போட வேண்டாம். அது அரசு அறிவிக்கும் தொகை. நீங்கள் போட்ட எண்ணுக்கு மேல் வந்தால் இன்ஸ்டிடியூட் கூட்டிவிட்டதாக நினைப்பார்கள். "அறிவிப்பு வந்ததும் தெரிவிக்கப்படும்" என்று எழுதுங்கள். தாள் யார் வாங்குவது, மெஷின்கள் தேர்வு மையத்துக்குப் போகும் நாட்களுக்குக் கட்டணம் கழிப்பீர்களா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

## 7. எழுதும் வரிசை

பெற்றோர் கடிதத்தை நின்றுகொண்டே படிப்பார்கள். முதல் மூன்று வரிக்குள் என்ன வகுப்பு, எந்த நாள், எத்தனை மணி என்பது வந்துவிட வேண்டும். அடுத்து யாருக்கு ஏற்றது, பிறகு தேர்வுத் திட்டம், பிறகு கட்டணம், கடைசியில் அவர்கள் செய்ய வேண்டியதும் அதற்கான கடைசி நாளும்.

இன்ஸ்டிடியூட்டின் வரலாறு, எத்தனை பேரைத் தேர்ச்சி பெற வைத்தோம் என்பதெல்லாம் முன்னால் வந்தால் நேரமும் தேதியும் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். ஒரு ஏ4 பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதையாவது சுருக்குங்கள், எழுத்தின் அளவைக் குறைக்காதீர்கள். தாத்தா பாட்டி படிக்க வேண்டிய வீடுகளும் இருக்கும்.

## 8. முழு மாதிரிக் கடிதம்

> ________ தட்டச்சுப் பயிலகம்
> (முகவரி, தொலைபேசி எண், அங்கீகார எண்)
>
> நாள்: ________
>
> அன்புள்ள பெற்றோர்களுக்கு,
>
> வணக்கம். எங்கள் பயிலகத்தில் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுக்குப் புதிய மாலை வகுப்பு செப்டம்பர் 7, திங்கட்கிழமை தொடங்குகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5.30 – 6.30, 6.30 – 7.30 என இரண்டு வகுப்புகள். ஒரு மொழி படிப்பவர்களுக்கு ஏதாவது ஒரு மணி நேரம். இரண்டு மொழி படிப்பவர்களுக்கு இரண்டு மணி நேரமும். விட்டுப்போன வகுப்பைச் சனிக்கிழமை மாலை ஈடு செய்துகொள்ளலாம்.
>
> பயிற்சி டைப்ரைட்டர் மெஷினில், அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கான விசை அமைப்பில் நடைபெறும். ஒரு மாணவருக்கு ஒரு மெஷின் என்பதால், இரண்டு மொழிக்கும் 7 இடங்களும் ஆங்கிலம் மட்டும் படிக்க 8 இடங்களும் உள்ளன.
>
> இரண்டு மொழியிலும் சேருபவர்களுக்கு முதலில் ஆங்கிலம் மட்டும் ஒரு மணி நேரம் நடத்தப்படும். விரல் பழக்கம் வந்தபின், அக்டோபர் நடுவில் தமிழ் வகுப்பு தொடங்கும். ஆங்கில இளநிலைத் தேர்வை (லோயர்) பிப்ரவரியிலும் தமிழ் இளநிலைத் தேர்வை ஆகஸ்டிலும் எழுதலாம். வாரம் 5 நாளும் தவறாமல் வருபவர்களுக்கே பிப்ரவரித் தேர்வு பொருந்தும். அதிக நாள் வர இயலாதவர்கள் ஆகஸ்டில் எழுதுவது நல்லது.
>
> இந்த ஆண்டு 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் மாணவர்கள் ஆகஸ்ட் தேர்வையே திட்டமிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.
>
> அரசுப் பணியில் தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தகுதி தேவை. குறைந்தது ஒரு மொழியிலாவது முதுநிலை (ஹையர்) பெற்றிருக்க வேண்டும். இளநிலை அதற்கு முதல் படி.
>
> கட்டணம்:
> சேர்க்கை (ஒரு முறை மட்டும்): ரூ.200
> மாதக் கட்டணம், ஒரு மொழிக்கு: ரூ.500
> மாதக் கட்டணம், இரண்டு மொழிக்கு: ரூ.1000 (நவம்பர் முதல். அதுவரை ரூ.500 மட்டும்)
> அரசுத் தேர்வுக் கட்டணம் தனி. அறிவிப்பு வந்ததும் தெரிவிக்கப்படும்.
> பயிற்சித் தாளை மாணவர்களே கொண்டு வர வேண்டும்.
>
> பிப்ரவரி, ஆகஸ்ட் தேர்வு நாட்களில் மெஷின்கள் தேர்வு மையத்துக்குச் செல்வதால் வகுப்பு இருக்காது. அந்த நாட்களுக்குச் சனிக்கிழமைகளில் ஈடு செய்யப்படும்.
>
> வகுப்பு 7.30 மணிக்கு முடிந்துவிடும். அழைத்துச் செல்ல யாராவது வர வேண்டிய பிள்ளைகள் அவர்கள் வரும்வரை பயிலகத்துக்குள்ளேயே இருக்கலாம்.
>
> சேர விரும்புவோர் கீழே உள்ள சீட்டை நிரப்பி, சேர்க்கைக் கட்டணத்துடன் ஆகஸ்ட் 29, சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் பயிலகத்தில் தரவும். சீட்டு வந்த வரிசையில் இடம் வழங்கப்படும். நேரில் பார்த்து முடிவு செய்ய விரும்பும் பெற்றோர் வேலை நாட்களில் மாலை 4.30 முதல் 5.30 வரை வரலாம்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
> உரிமையாளர்

கடைசி பத்தியில் மூன்று விவரங்கள் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்: எதைத் தர வேண்டும், எங்கே, எப்போதைக்குள். "விரைவில் தொடர்பு கொள்ளவும்" என்று முடித்தால் அந்த "விரைவில்" செப்டம்பர் 20 வரை நீளும். நேரில் வரச் சொன்ன மணியும் யோசித்து வைத்தது. வகுப்பு நடக்கும்போது பெற்றோர் வந்து நின்றால் மெஷின் சத்தத்தில் பேசவும் முடியாது, பிள்ளைகளின் கவனமும் சிதறும்.

## 9. பதில் சீட்டு

கடிதத்தின் அடியில் வெட்டி எடுக்கும்படி புள்ளிக் கோடு போட்டு இவற்றைக் கேளுங்கள்:

> மாணவர் பெயர், முதலெழுத்துடன் (பள்ளி ஆவணத்தில் உள்ளபடி):
> பிறந்த தேதி:
> பள்ளி, வகுப்பு:
> மொழி: ஆங்கிலம் மட்டும் / இரண்டும்
> விரும்பும் நேரம்: 5.30 / 6.30 / எதுவானாலும் சரி
> தமிழ் சரளமாக வாசிப்பாரா: ஆம் / பழக வேண்டும்
> ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற தட்டச்சுத் தேர்வு ஏதேனும்:
> வகுப்புக்கு வராத அன்று அழைக்க வேண்டிய எண்:
> பெற்றோர் கையொப்பம்:

பெயரைப் பள்ளி ஆவணத்தில் உள்ளபடி கேட்பதற்குக் காரணம் உண்டு. தேர்வு விண்ணப்பத்தில் ஒரு முதலெழுத்து மாறினால் சான்றிதழிலும் மாறி வரும். வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அது கண்ணில் படும், அப்போது திருத்த அலைய வேண்டும். பிறந்த தேதியைக் கேட்பதும் அதற்காகத்தான். பிள்ளையின் வகுப்பும் பிறந்த தேதியும் கையில் இருந்தால், விண்ணப்பிக்கும் தகுதி இருக்கிறதா என்று அப்போதைய அறிவிப்போடு ஒப்பிட்டு முன்னரே சொல்லிவிடலாம்.

"எதுவானாலும் சரி" என்ற தெரிவு சிறியதாகத் தோன்றும். ஆனால் 15 பேரை இரண்டு மணி நேரத்தில் பொருத்தும்போது அவர்கள்தான் கை கொடுப்பார்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் 5.30ஐ வட்டமிட்டுவிடுவார்கள்.

"வராத அன்று அழைக்க வேண்டிய எண்" என்று கேட்டிருப்பதும் வேண்டுமென்றேதான். "தொலைபேசி எண்" என்று பொதுவாகக் கேட்டால் பிள்ளை தன் கையில் இருக்கும் போன் எண்ணையே எழுதிவிடும்.

## 10. அச்சிடுவதும் அனுப்புவதும்

கடிதத்தை யூனிகோடில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அச்சுக்கடைக்கோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் திறக்கும். யூனிகோடில் அடித்தாலும் கடைசியில் பிடிஎஃப் ஆக மாற்றி, இன்னொருவர் போனில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பிழை திருத்தம் இரண்டு பேர் செய்ய வேண்டும். தட்டச்சு சொல்லிக்கொடுக்கும் இடத்திலிருந்து வரும் கடிதத்தில் ஒற்றுப் பிழை இருந்தால், அதைக் காணும் பெற்றோர் வேறு எதையும் காண மாட்டார்கள். ஒருவர் மொழியைப் பார்க்கட்டும். மற்றவர் எண்களை மட்டும் பார்க்கட்டும்: தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா, இரண்டு வகுப்பு நேரமும் சரியா, இடங்களின் எண்ணிக்கை கணக்கோடு ஒத்துப்போகிறதா, போன் எண்ணில் பத்து இலக்கம் இருக்கிறதா. வாசித்துக்கொண்டு போகும் கண் எண்களில் நிற்காது, அதனால்தான் அதற்கு ஒருவர் தனியாக வேண்டும்.

தாள், வாட்ஸ்அப் இரண்டிலும் அனுப்புங்கள். பிள்ளைகள் கையில் கொடுத்த தாள் புத்தகப் பையிலேயே கிடக்கும். வாட்ஸ்அப்பில் வந்தது பார்த்ததும் மறந்துபோகும். வாட்ஸ்அப்பில் கடிதத்தோடு இரண்டு வரி மட்டும் எழுதுங்கள்: வகுப்பு தொடங்கும் நாளும், சீட்டுத் தர வேண்டிய கடைசி நாளும்.

முதலில் உங்களிடம் இப்போது படிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்புங்கள். தம்பி, தங்கையைச் சேர்க்க நினைப்பவர்களும், ஆங்கிலம் முடித்துத் தமிழுக்கு வருபவர்களும் அங்கே இருப்பார்கள். தமிழுக்கு மட்டும் வருபவர் ஒருவர் சேர்ந்தால் இரண்டு மொழிக்கான 7 இடத்தில் ஒன்று குறையும், ஆங்கிலத்தில் ஓர் இடம் கூடும். ஆகவே மூன்று நாள் காத்திருந்து, எண்ணிக்கையைத் திருத்திய பிறகு, வெளியே உள்ள பள்ளிப் பெற்றோருக்கு அனுப்புங்கள். பள்ளி வாசலில் விநியோகிப்பதானால் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

## 11. சீட்டுகள் வரத் தொடங்கியபின்

ஒவ்வொரு சீட்டிலும் வந்த நாளையும் மணியையும் அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள். "வந்த வரிசையில் இடம்" என்று எழுதிவிட்டுத் தெரிந்தவர் பிள்ளைக்கு முன்னால் கொடுத்தால் ஊரில் மறைக்க முடியாது.

சுவரில் ஒரு தாளில் மெஷின் எண்ணை நெடுக்கிலும் இரண்டு மணி நேரத்தைக் குறுக்கிலும் கட்டம் போட்டு, சீட்டு வந்ததும் பெயரை எழுதுங்கள். இரண்டு மொழிக்காரரின் பெயர் ஒரே நாளில் இரண்டு கட்டங்களில் வர வேண்டும். தமிழ் அக்டோபரில்தானே தொடங்குகிறது என்று தமிழ்க் கட்டத்தை அதுவரை காலியாக விட்டால், இடையில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம். பிறகு அக்டோபரில் ஏழு பேருக்கு ஐந்து இடம்தான் இருக்கும். இந்தத் தவறு மிகவும் எளிதாக நடக்கும், பென்சிலால் ஆவது முதல் நாளே பெயர் எழுதிவையுங்கள்.

15 நிரம்பியபின் வரும் சீட்டுக்குச் சேர்க்கைக் கட்டணம் வாங்காதீர்கள். காத்திருப்போர் பட்டியலில் எழுதி, செப்டம்பர் 21க்குள் தகவல் சொல்வோம் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரத்தில் ஓரிருவர் நின்றுவிடுவது வழக்கம். `asdfgf` பக்கம் பக்கமாக அடிக்கும் அந்த நாட்கள்தான் பிள்ளைகளுக்குச் சலிப்பானவை. அந்த இடம் காலியானதும் பட்டியலில் முதலில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். செப்டம்பர் 21க்குப் பிறகு சேருபவருக்குப் பிப்ரவரித் தேர்வைச் சொல்லாதீர்கள், ஆகஸ்ட் என்றே சீட்டில் குறித்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.